கம்பி கீழே விழுந்த பிறகு

சட்டக் கல்லூரித் தேர்வில் வரக்கூடிய ஒரு கேள்வி இது. கற்பனைதான் என்றாலும், இதில் உள்ள எதுவும் நம் ஊரில் நடக்காத விஷயம் இல்லை.

இரவு பத்து மணி. டீக்கடைக்காரர் ஒருவர் கடையை மூடிக்கொண்டிருக்கிறார். அவர் மனைவி பின்னால் பாத்திரம் கழுவுகிறார். வட்டிக்குப் பணம் கொடுத்தவர் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வருகிறார். ஆறு மாதமாகவே வாடிக்கையாளர்கள் முன்னால் கடைக்காரரைக் கேவலமாகப் பேசி வருபவர் அவர். அன்று கையில் இரும்புக் கம்பி இருக்கிறது. கடைக்காரரின் மனைவியைக் குறித்து வாயால் சொல்ல முடியாத ஒரு வார்த்தையைச் சொல்கிறார். கம்பியால் ஓங்கி ஓர் அடி. கடைக்காரரின் இடது முன்கை எலும்பு முறிகிறது. தலையைக் குறிவைத்து மறுபடி கம்பி உயர்கிறது. பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவும் கத்தியை எடுத்துக் கடைக்காரர் அவர் வயிற்றில் குத்துகிறார். கம்பி கீழே விழுகிறது. வட்டிக்காரர் வயிற்றைப் பிடித்தபடி திரும்பி, தள்ளாடிக்கொண்டே மோட்டார் சைக்கிளை நோக்கி நடக்கிறார். கடைக்காரர் பத்தடி துரத்திப் போய் முதுகில் இரண்டு முறை குத்துகிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போகிறது. முதுகுக் குத்து நுரையீரலைத் துளைத்ததே மரணத்துக்குக் காரணம், வயிற்றுக் காயம் மட்டும் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்கிறது பிரேதப் பரிசோதனை அறிக்கை. கெட்ட வார்த்தையிலிருந்து கடைசிக் குத்து வரை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

கடைக்காரர் செய்த குற்றம் என்ன? குற்றம் ஏதும் உண்டா?

படிக்கிறவர் மனத்தில் உடனே ஒரு தீர்ப்பு எழும். "அடிக்க வந்தவனைக் குத்தினான், இதில் என்ன தப்பு" என்பார் ஒருவர். "ஓடுகிறவனை முதுகில் குத்தியவன் கொலைகாரன்தான்" என்பார் இன்னொருவர். இருவருமே ஒரு நிமிடச் சம்பவத்தை ஒரே செயலாகப் பார்க்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இங்கே இரண்டு செயல்கள் இருக்கின்றன. கம்பி கீழே விழுந்த கணம் அவற்றைப் பிரிக்கிறது. அதற்கு முன் நடந்ததற்கு ஒரு விடை, பின் நடந்ததற்கு வேறொரு விடை. இந்தக் கோட்டைப் போடாமல் எழுதப்படும் விடைத்தாள் எத்தனை பிரிவு எண்களை அடுக்கினாலும் தேறாது.

2024 ஜூலை 1 முதல் நடக்கும் குற்றங்களுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. தற்காப்பு, ஆத்திரமூட்டல் பற்றிய விதிகளின் சாரம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதனால் பழைய தீர்ப்புகள் இன்றும் வழிகாட்டுகின்றன.

தற்காப்புக்குப் போகும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மாணவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் கேள்வி அது. விலக்கு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இது கொலைதானா? ஏனென்றால் ஆத்திரமூட்டல் என்பது கொலைக்கான விதிவிலக்கு. கொலையே ஆகாத ஒன்றுக்கு அந்த விலக்கைத் தேட வேண்டியதில்லை. சன்ஹிதாவின் 101ஆம் பிரிவுப்படி, சாகடிக்கும் எண்ணம் இருந்தாலும் கொலை. இயல்பான போக்கில் மரணத்தை உண்டாக்கப் போதுமான காயத்தை வேண்டுமென்றே ஏற்படுத்தினாலும் கொலை. இந்த இரண்டாவது வகையை 1958இல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அங்கே விழுந்தது ஒரே ஓர் ஈட்டிக் குத்து. இந்தக் காயத்தை ஏற்படுத்தத்தான் அவர் நினைத்தாரா என்று பார்க்க வேண்டும். அந்தக் காயம் உயிரைப் பறிக்கப் போதுமானதா என்பதை மருத்துவச் சாட்சியத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். இது சாகடிக்கும் என்று குத்தியவர் கணக்குப் போட்டாரா என்ற ஆராய்ச்சி அந்த வகைக்குத் தேவையில்லை. நம் கடைக்காரர் முதுகில் வேண்டுமென்றே குத்தினார், அது நுரையீரலைத் துளைத்தது. ஆக, விலக்கு எதுவும் கிடைக்காவிட்டால் இது கொலை. 103ஆம் பிரிவின்படி மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.

இனி கோட்டுக்கு முன்னால் நடந்தது. தற்காப்பு உரிமையைச் சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் பேசுகின்றன. அந்த உரிமையில் செய்த எதுவும் குற்றமே அல்ல என்பது 34ஆம் பிரிவு. எதிரியின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு எப்போது போகலாம் என்பதை 38ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. நம் உயிர் போய்விடும் என்றோ கொடுங்காயம் ஏற்படும் என்றோ நியாயமான அச்சம் இருந்தால் போகலாம். எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். கடைக்காரருக்கு அது ஏற்கனவே நடந்துவிட்டது. அடுத்த அடி தலையை நோக்கி வருகிறது. போலீஸை அழைக்க நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது என்கிறது 37ஆம் பிரிவு. உயர்ந்த கம்பி இறங்குவதற்குள் யாரும் போன் செய்ய முடியாது.

"கம்பிக்குக் கத்தியா?" என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்பார். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற விதி இருப்பது உண்மைதான். தேவ் நாராயண் வழக்கில் இதே வாதம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தடியால் தலையில் அடிபட்டவர் ஈட்டியை எடுத்துக் குத்தியிருந்தார். தடிக்கு ஈட்டி அதிகம் என்று உயர் நீதிமன்றம் நினைத்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தலையில் விழும் தடியடியும் உயிரைப் பறிக்கும். அடி விழும் நேரத்தில் ஆயுதத்தை அளந்து பார்த்து எடுக்க யாராலும் முடியாது. கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்தார், ஒரு குத்தோடு கம்பி விழுந்தது. வயிற்றுக் குத்து குற்றம் ஆகாது. இந்தப் பாதி விடையை நான் தயக்கமில்லாமல் எழுதுவேன்.

கோட்டுக்குப் பின்னால் வருவோம். தற்காப்பு உரிமை எப்போது தொடங்கி எதுவரை நீடிக்கும் என்பதை 40ஆம் பிரிவு சொல்கிறது. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் எழுந்ததும் தொடங்குகிறது; அந்த அச்சம் நீடிக்கும்வரை நீடிக்கிறது. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அச்சம் தீர்ந்த பிறகு ஒரு விநாடிகூட அந்த உரிமை மிச்சமிருக்காது. 1962இல் ஜெய் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே பேசியது. ஆபத்தில் இருப்பவர் எவ்வளவு பலம் பயன்படுத்தலாம் என்பதைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்கக் கூடாது என்றது. அதே தீர்ப்பில், ஓடத் தொடங்கியவர்களைச் சுட்டதற்குத் தற்காப்பு உதவாது என்றும் சொன்னது.

கம்பி இல்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முதுகு காட்டிப் போகிறவரால் கடைக்காரருக்கு என்ன ஆபத்து? கேள்வியில் கொடுத்துள்ள விவரங்களின்படி எதுவும் இல்லை. முதுகுக் குத்துகளுக்குத் தற்காப்பு கிடைக்காது.

இந்த இடத்தில் மாற்று விடையையும் எழுத வேண்டும். வட்டிக்காரர் திரும்பும்போது "இரு, அருவாளை எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லி, வண்டியின் பக்கப் பெட்டியில் கையை விட்டிருந்தால்? முதுகு காட்டுவது பின்வாங்கல் ஆகாமல் அடுத்த தாக்குதலுக்கான ஆயத்தம் ஆகிவிடுகிறது. அச்சம் நீடிக்கிறது, உரிமையும் நீடிக்கிறது. பெட்டியில் உண்மையில் அரிவாள் இல்லாமல் போனாலும், இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போதும். ஒரே ஒரு வாக்கியம் கூடினால் கொலை வழக்கு விடுதலையில் முடியலாம். அந்த வாக்கியத்தைக் கேட்டது யார், போலீஸ் விசாரணையில் அதைச் சொன்னார்களா என்பதைச் சுற்றித்தான் அமர்வு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை நடக்கும்.

தற்காப்பு முழுமையாகக் கிடைக்காதபோது பலர் உடனே தாவும் இடம் 101ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கு. நல்லெண்ணத்தோடு தற்காப்பைப் பயன்படுத்தியவர், முன்திட்டம் இல்லாமலும் தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணம் இல்லாமலும் எல்லை மீறிவிட்டால், அது கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் ஆகிறது. சட்டமே இதற்கு ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் சவுக்கால் அடிக்க வருகிறார்; அதனால் கொடுங்காயம் ஏற்படாது. அடிபட இருப்பவர் துப்பாக்கியை நீட்டியும் அவர் நிற்கவில்லை. தடுக்க வேறு வழியே இல்லை என்று நல்லெண்ணத்தோடு நம்பிச் சுட்டுவிடுகிறார். சவுக்கடியைத் தடுக்கும் உரிமை அவருக்கு உண்டு, உயிரை எடுக்கும் அளவுக்கு இல்லை. ஆக எல்லை மீறல். நம் கதையில் வட்டிக்காரர் வெறுங்கையோடு வந்து அறையத்தான் முயன்றார், அதற்குக் கடைக்காரர் வயிற்றில் குத்திக் கொன்றுவிட்டார் என்றால் இந்த விலக்கைப் பேசலாம். முதுகுக் குத்துக்கு இது பொருந்தாது. மீறுவதற்கு முதலில் ஓர் உரிமை இருக்க வேண்டும், அது கம்பியோடு முடிந்துவிட்டது.

மிஞ்சுவது முதலாவது விதிவிலக்கு: கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல். தற்காப்பிலிருந்து இது எவ்வளவு வேறுபட்டது என்பதைக் கவனியுங்கள். தற்காப்பின் அடிப்படை அச்சம். அது ஓர் உரிமை, நிரூபணமானால் விடுதலை. ஆத்திரமூட்டலின் அடிப்படை கோபம். அது யாருக்கும் உரிமை இல்லை. தன்னிலை இழந்த மனிதர் மீது சட்டம் காட்டும் இரக்கம். அதனால் குற்றம் மறையாது, ஒரு படி குறையும். விடைத்தாள்களில் இந்த இரண்டும் ஒரே பத்தியில் கலந்து கிடப்பதுதான் அடிக்கடி காணும் கோளாறு. "பயந்துபோய் ஆத்திரத்தில் குத்தினார்" என்று எழுதினால் எந்த விலக்கைக் கேட்கிறோம் என்பதே தெரியாது.

இந்த விலக்கைப் பற்றிய பெரிய தீர்ப்பு நானாவதி வழக்கு. கடற்படை அதிகாரி கவாஸ் நானாவதி 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் பிரேம் அகுஜாவைச் சுட்டுக் கொன்றார். தனக்கும் அகுஜாவுக்கும் இருந்த உறவை மனைவி மதியம் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகு அவர் மனைவியையும் குழந்தைகளையும் சினிமாவுக்குக் கொண்டுபோய் விட்டார், கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கினார், அகுஜாவை அலுவலகத்தில் தேடினார், பிறகு வீட்டுக்குப் போனார். ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்றார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோல் இன்றும் செல்லும். குற்றம் சாட்டப்பட்டவரின் சமூகச் சூழலைச் சேர்ந்த ஒரு நியாயமான மனிதர் அந்த நிலையில் தன்னிலை இழப்பாரா? வெறும் சொல்லும் சைகையும்கூட ஆத்திரமூட்டல் ஆகலாம். முன்பு நடந்தவை மனத்தில் ஏற்படுத்திய பின்னணியையும் பார்க்கலாம். ஆனால் கொன்ற செயலில் அந்தக் கோபம் ஆறாமல் இருந்திருக்க வேண்டும். நானாவதிக்குக் கிடைத்த மூன்று மணி நேரமும், அதில் அவர் நிதானமாகச் செய்த காரியங்களும் அவரைக் கைவிட்டன.

கடைக்காரருக்கு மூன்று மணி நேரம் இல்லை. மனைவியைப் பற்றிய சொல், கை முறிவு, தலைக்கு வந்த கம்பி, எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். ஒரு சிற்றூர்க் கடைத்தெருவில் வாழும் சாதாரண மனிதர் இந்த நிலையில் நிதானம் இழப்பார் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. ஆறு மாத அவமானமும் இங்கே வந்து சேர்கிறது. 2022இல் சத்தீஸ்கரிலிருந்து வந்த ஒரு வழக்கில், குடித்துவிட்டுத் தொடர்ந்து கொடுமை செய்த சகோதரனைக் கொன்றவருக்கு இந்த விலக்கை உச்ச நீதிமன்றம் கொடுத்தது. கடைசிச் செயல் சிறியதாகத் தோன்றினாலும், அதற்கு முன் அடுக்கடுக்காக நடந்தவற்றோடு சேர்த்து எடை போட வேண்டும் என்பது அதன் சாரம். சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு வெகு முன்பே, குடும்பத் துன்பம் தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து உயிர் தப்பிய ஒரு தாயின் வழக்கில், நீண்டகாலம் குமைந்த ஆத்திரத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்று சொன்னது. இந்தப் போக்கு எனக்கு நியாயமாகவே படுகிறது. எளியவர்களின் கோபம் பெரும்பாலும் ஒரே நாளில் பிறப்பதில்லை.

ஒரு விவரத்தை மாற்றினால் இந்த விலக்கும் போய்விடும். கடைக்காரரே முதலில் கத்தியோடு பாய்ந்து, அதைத் தடுக்கத்தான் வட்டிக்காரர் கம்பியால் அடித்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சட்டப்படி தற்காத்துக்கொண்ட செயல் ஆத்திரமூட்டல் ஆகாது என்று விலக்கின் நிபந்தனையே சொல்கிறது. தானே சண்டையை வலிய இழுத்து, அதைச் சாக்காக வைத்துக் கொன்றவருக்கும் விலக்கு கிடையாது. நேரத்தை மாற்றினாலும் இதே கதைதான். கடைக்காரர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, கடையைப் பூட்டி, அரை மணி நேரம் கழித்து வட்டிக்காரர் வீட்டுக்குக் கத்தியோடு போயிருந்தால் நானாவதி வழக்கு குறுக்கே நிற்கும்; கொலைத் தீர்ப்புதான் வரும்.

திடீர்ச் சண்டை என்ற நான்காவது விதிவிலக்கையும் ஒரு வரியில் தொட்டுவிடலாம். அதில் அநியாயமான சாதகம் எடுத்திருக்கக் கூடாது. ஆயுதம் இழந்தவரை முதுகில் குத்தியது அந்த நிபந்தனையில் இடறும். ஆத்திரமூட்டலே பலமான வழி.

மருத்துவ அறிக்கையை மாற்றிப் பார்த்தால் விடையின் இன்னொரு முகம் தெரியும். உயிரைப் பறித்தது வயிற்றுக் குத்து, முதுகுக் காயங்கள் ஆழமில்லாதவை என்று டாக்டர் சொன்னால், மரணத்துக்குக் காரணமான செயல் தற்காப்பு. மரணத்துக்காகத் தண்டிக்க முடியாது. அதனால் முதுகுக் குத்துகள் மன்னிக்கப்பட்டுவிட்டதாக ஆகாது. கொல்லும் எண்ணத்தில் குத்தினார் என்றால் 109ஆம் பிரிவின் கொலை முயற்சி. ஆத்திரமூட்டல் ஏற்கப்பட்டால் 110ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை. எந்தக் குத்து உயிரைப் பறித்தது என்று டாக்டரால் பிரித்துச் சொல்லவே முடியாவிட்டால், சந்தேகத்தின் பலன் தனக்கே வேண்டும் என்று கடைக்காரர் வாதிட இடம் உண்டு.

கடைக்காரரின் வழக்கறிஞர் அச்சத்தையும் கோபத்தையும் ஒன்றாகக் கேட்க முடியுமா? முடியும். "முதலில் தற்காப்பு; நீதிமன்றம் அதை ஏற்காவிட்டால் ஆத்திரமூட்டல்" என்று வரிசையாக வைக்கலாம். விலக்கை நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது என்று பாரதிய சாட்சிய அதிநியத்தின் 108ஆம் பிரிவு சொன்னாலும், அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அரசுத் தரப்பு சாட்சிகளின் வாயிலிருந்தே அதை வரவழைக்கலாம். தற்காப்பு என்று அவர் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், சாட்சியங்களில் அது தெரிந்தால் நீதிமன்றம் அதைப் பார்க்கலாம் என்று 1967இல் முன்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

நம் கேள்வி கொடுத்த விவரங்களை மாற்றாமல் தீர்ப்பு எழுதச் சொன்னால் நான் எழுதுவது இது: வயிற்றுக் குத்து தற்காப்பு, குற்றமில்லை. முதுகுக் குத்துகள் கொலை என்ற நிலையிலிருந்து முதலாவது விதிவிலக்கால் இறங்கி, 105ஆம் பிரிவின் முதல் பகுதிக்குள் வருகின்றன. ஆயுள் தண்டனையோ, 5 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம், அபராதமும் உண்டு. பழைய சட்டத்தில் அந்த 5 ஆண்டுக் கீழ்வரம்பு இல்லை, புதியதில் சேர்ந்திருக்கிறது. பிரேதப் பரிசோதனையின் காயங்களும் அந்தப் பத்தடியும் இருக்கும்வரை முழு விடுதலையைக் கேட்பது வீண்.

தேர்வு எழுதாத வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்படி ஒரு நிலை உங்களுக்கோ தெரிந்தவருக்கோ நேர்ந்துவிட்டால், உங்கள் உடம்பில் உள்ள காயத்தை முதலில் அரசு மருத்துவமனையில் காட்டி, விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில், பதியச் செய்யுங்கள். யார், எதனால், எத்தனை மணிக்கு அடித்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சம்பவத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஏற்பட்ட பெரிய காயங்களுக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால், அவர்கள் சொல்லும் கதையையே நீதிமன்றம் சந்தேகிக்கலாம் என்று 1976இல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எங்கும் பதிவாகாத முறிந்த கையை வைத்து அந்த வாதத்தை எந்த வழக்கறிஞராலும் எழுப்ப முடியாது.